யூரோ எந்த இடத்தில் மாறுகிறது? ஓசூர் ஏற்றுமதியாளரின் டாலர் கணக்குக்கு வந்த பணத்தின் கதை

ஓசூர் சிப்காட்டில் இயந்திர உதிரிபாகங்கள் செய்து ஜெர்மனிக்கு அனுப்பும் ஒரு நடுத்தர நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். இன்வாய்ஸ் 40,000 யூரோவுக்கு. நிறுவனத்துக்கு ஒரே வங்கியில் இரண்டு கணக்குகள். ஒன்று ரூபாயில் உள்ள நடப்புக் கணக்கு. மற்றது டாலரில் வைத்திருக்கும் ஈ.ஈ.எஃப்.சி. கணக்கு, வெளிநாட்டிலிருந்து வாங்கும் வெட்டுக்கருவிகளுக்கும் எந்திர உதிரிகளுக்கும் டாலரில் பணம் கட்டவேண்டி வருவதால் திறந்தது. இன்வாய்சின் அடியில் வங்கி விவரம் எழுதும்போது, கையில் இருந்த பழைய இன்வாய்சைப் பார்த்து டாலர் கணக்கின் எண்ணைப் போட்டுவிட்டார்கள். ஜெர்மன் வாடிக்கையாளரும் அந்த எண்ணுக்கே 40,000 யூரோ அனுப்பிவிட்டார். யூரோ கிளம்பியிருக்கிறது, போய்ச் சேரவேண்டிய கணக்கோ டாலர்.

இந்தப் பணம் டாலராக மாறி வரவாகலாம். ரூபாயாக மாறி நடப்புக் கணக்கில் விழலாம். எந்தக் கணக்கிலும் சேராமல் வங்கியின் இடைக்காலக் கணக்கொன்றில் கிடக்கலாம். திரும்பியும் போகலாம். இவற்றில் எது நடக்கும் என்பதை ஒரே சட்டம் தீர்மானிப்பதில்லை. பணத்தின் நாணயமும் கணக்கின் நாணயமும் பொருந்தவில்லை என்பதை வழியில் முதலில் கண்டுகொள்பவர் யாரோ, அவருடைய கணினியும் அவருடைய விலையும் தீர்மானிக்கின்றன. பெரிய ஆலைகளில் இதைக் கவனிக்கவே ஆட்கள் இருப்பார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சிறு உதிரிபாகத் தொழிற்கூடங்களிலும், கிரானைட் குவாரிகளிலும், மாம்பழக்கூழ் ஆலைகளிலும், ரோஜாப் பண்ணைகளிலும் பெரும்பாலும் கணக்கர் ஒருவரே ஜி.எஸ்.டி.யும் பார்த்து, சம்பளமும் போட்டு, இதையும் பார்க்கிறார். அவருக்காகத்தான் இந்த வழியை மெதுவாக நடந்து பார்க்கிறேன்.

முதலில் ஓர் அடிப்படை. யூரோ இந்தியாவுக்கு வருவதே இல்லை. ஓசூர்க் கிளையின் பெட்டகத்துக்கும் வராது, மும்பைத் தலைமையகத்துக்கும் வராது. இந்திய வங்கி ஐரோப்பாவில் உள்ள ஒரு வங்கியில் தன் பெயரில் ஒரு யூரோ கணக்கு வைத்திருக்கிறது. அதற்கு நோஸ்ட்ரோ கணக்கு என்று பெயர். டாலருக்கு அதேபோல் நியூயார்க்கில் ஒன்று, பவுண்டுக்கு லண்டனில் ஒன்று. ஜெர்மன் வாடிக்கையாளரின் வங்கி செய்வது அந்த நோஸ்ட்ரோ கணக்கில் 40,000 யூரோவைச் சேர்ப்பதும், “இது உங்கள் ஓசூர் வாடிக்கையாளருக்கு உரியது” என்று ஸ்விஃப்ட் வழியாக ஒரு செய்தி அனுப்புவதும்தான். பணம் ஒரு வழியில் போகிறது, செய்தி ஒரு வழியில் வருகிறது. பின்னால் வரும் சிக்கல்கள் அனைத்தும் இந்த இரண்டும் எங்கே சந்திக்கின்றன, சந்திக்கும்போது ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதைப் பொறுத்தவை.

இதிலிருந்து இன்னொன்றும் தெளிவாகும். ஒரு வங்கி எந்தெந்த நாணயங்களில் நோஸ்ட்ரோ கணக்கு வைத்திருக்கிறதோ, அந்த நாணயங்களில் மட்டுமே அதனால் பணம் பெற முடியும். ஓசூர் ரோஜா மலேசியாவுக்குப் போனாலும் மலேசிய ரிங்கிட்டாக விலை வந்து சேராது. ரிங்கிட்டை அந்நாட்டுக்கு வெளியே புழங்கவிடுவதில்லை என்பது மலேசியாவின் கொள்கை. அங்குள்ள வாங்குபவர் டாலர் போன்ற வேறொரு நாணயத்துக்கு மாற்றித்தான் அனுப்பியாக வேண்டும்.

இனி, கணக்கின் தன்மை. ஈ.ஈ.எஃப்.சி. என்பது ஏற்றுமதியில் ஈட்டிய அந்நியச் செலாவணியை ரூபாயாக மாற்றாமல் வைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கும் கணக்கு. வட்டி கிடையாது. ஈட்டியது முழுவதையும் அதில் வரவு வைக்கலாம், ஆனால் நெடுநாள் வைத்திருக்க முடியாது. 2012-இல் ரூபாய் சரிந்துகொண்டிருந்தபோது, மே மாதத்தில் இருப்பில் பாதியை ரூபாயாக மாற்றச் சொன்னது ரிசர்வ் வங்கி. ஜூலை இறுதியில் அதைத் தளர்த்தியது. அதன்பின் நிலைத்த விதி இது: ஒரு மாதத்தில் சேர்ந்த தொகையை, அனுமதிக்கப்பட்ட செலவுகள் போக, அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் ரூபாயாக மாற்றிவிட வேண்டும். நம் விஷயத்துக்கு இன்னும் முக்கியமான விதி வேறு. இந்தக் கணக்கிலிருந்து ரூபாயாக எடுத்த பணத்தை மறுபடி டாலராக்கி இதே கணக்கில் போட முடியாது. இது ஒருவழிக் கதவு. வங்கி அவசரப்பட்டு ரூபாயாக மாற்றிவிட்டால், “தவறுதலாக நடந்துவிட்டது, டாலராக்கித் தாருங்கள்” என்று கேட்பது லேசான காரியமல்ல. மாற்றியதே வங்கியின் பிழை என்று நிறுவி, அந்தப் பதிவையே ரத்து செய்யவைக்க வேண்டும்.

யூரோ நேர்வழியில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். யூரோ நோஸ்ட்ரோவில் 40,000 சேர்ந்தாயிற்று. செய்தியில் டாலர் கணக்கின் எண் இருக்கிறது. இதைக் கையாள்வது ஓசூர்க் கிளை அல்ல. பெரும்பாலான வங்கிகளில் சென்னையிலோ மும்பையிலோ உள்ள மையப்படுத்திய அந்நியச் செலாவணிப் பிரிவு. கணினி முரண்பாட்டைக் கண்டதும் செய்தியை வரிசையில் நிறுத்தும். கிளைக்கு மின்னஞ்சல் போகும், கிளை நிறுவனத்திடம் இரண்டு விஷயங்கள் கேட்கும்: இந்தப் பணம் எதற்காக வந்தது என்று சொல்லும் பர்பஸ் கோடு, பணத்தை என்ன செய்யவேண்டும் என்ற எழுத்துபூர்வ உத்தரவு. சரக்கு போய்விட்டு, வசூலுக்கு அனுப்பிய பில்லுக்கு வந்த பணம் என்றால் P0102. முன்பணம் என்றால் P0103. கணக்கர் அவசரத்தில் கோடை மட்டும் நிரப்பி, உத்தரவுப் பகுதியில் “கிரெடிட் டு அவர் அக்கவுண்ட்” என்று எழுதி அனுப்பிவிடுவார். செய்தியில் இருப்பது டாலர் கணக்கு. ஆகவே வங்கி யூரோவை டாலராக மாற்றி வரவு வைக்கும்.

இங்கேதான் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். எளிமைக்காக, அன்றைய சந்தை நடுவிலை ஒரு யூரோ 108 ரூபாய், ஒரு டாலர் 90 ரூபாய் என்று கொள்வோம். அப்படியானால் 40,000 யூரோ 48,000 டாலருக்குச் சமம், ரூபாயில் 43,20,000. வங்கி வாங்கும்போது அரை சதவீதம் குறைத்தும், விற்கும்போது அரை சதவீதம் கூட்டியும் விலை வைக்கிறது. இதுவும் ஒரு எடுத்துக்காட்டு விகிதமே. யூரோவை வாங்கும் விலை 107.46, டாலரை விற்கும் விலை 90.45. யூரோவுக்கும் டாலருக்கும் இடையிலான குறுக்கு விலையை வங்கி இந்த இரண்டையும் வகுத்துத் தந்தால் அது 1.1881 அளவில் வரும். நிறுவனத்துக்குக் கிடைப்பது சுமார் 47,522 டாலர். ரூபாயைக் கண்ணால் பார்க்காவிட்டாலும் பணம் ரூபாயைத் தொட்டுத்தான் போயிருக்கிறது. அடுத்த மாதக் கடைசியில் செலவு எதுவும் இல்லாமல் அதை ரூபாயாக மாற்றவேண்டி வந்தால், டாலரை வங்கி வாங்கும் விலை 89.55. கையில் வருவது சுமார் 42,55,630 ரூபாய். முதலிலேயே யூரோவை நேராக ரூபாயாக மாற்றியிருந்தால் 42,98,400 வந்திருக்கும். வித்தியாசம் 42,770 ரூபாய். டாலர் விலை இடையில் ஏறவோ இறங்கவோ இல்லை என்று வைத்துக்கொண்டே இத்தனை நஷ்டம்.

டாலர் உண்மையில் தேவைப்பட்டிருந்தால் இந்தச் செலவில் ஒரு பகுதி தவிர்க்க முடியாதது. ஆனால் அப்போதும் விலையைப் பேசியிருக்கலாம். குறுக்கு விலையை ரூபாய் வழியாக வகுக்காமல், உலகச் சந்தையில் யூரோ-டாலர் ஜோடிக்கு உள்ள விலையிலிருந்து ஒரு சிறு தொகையைக் கழித்துத் தரும்படி வங்கியின் கருவூலப் பிரிவிடம் கேட்கலாம். உலகிலேயே மிக அதிகமாக வர்த்தகமாகும் நாணய ஜோடி அது; அதில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி மிகக் குறைவு. எந்த முறையில் மாற்றினார்கள் என்பதை வரவுச் சீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். அன்று அந்த வங்கி வெளியிட்ட கார்டு ரேட் பட்டியலில் யூரோவை வாங்கும் விலையை டாலரை விற்கும் விலையால் வகுத்துப் பாருங்கள். சீட்டில் உள்ள விலையோடு அது அப்படியே ஒத்துப்போனால், யாரும் உங்களுக்காக விலை கேட்கவில்லை, கணினி தானாகவே போட்டிருக்கிறது என்று பொருள்.

இதைவிட மோசமான வழி ஒன்று உண்டு. அதில் முரண்பாட்டைக் கண்டுகொள்வது ஓசூரின் வங்கியே அல்ல. ஜெர்மன் வாடிக்கையாளரின் அலுவலகத்தில் ஒருவர் வங்கித் திரையைத் திறந்து, பெறுபவர் நாடு இந்தியா என்று தேர்ந்தெடுக்கிறார். சில வங்கிகளின் திரை உடனே நாணயத்தை இந்திய ரூபாய் என்று தானே நிரப்பிக்கொள்ளும். அவர் இன்வாய்சைப் பார்த்து 40,000 யூரோ என்று தொகையைப் போட்டு அனுப்பிவிடுகிறார். ஜெர்மன் வங்கி அங்கேயே தன் விலையில் யூரோவை ரூபாயாக்குகிறது. ரூபாய் எங்கிருந்து வரும்? மும்பையில் ஏதோ ஒரு வங்கியில் அந்த வெளிநாட்டு வங்கிக்கு ரூபாய்க் கணக்கு இருக்கும். வோஸ்ட்ரோ கணக்கு என்பது அதுதான். அதிலிருந்து ஆர்.டி.ஜி.எஸ். அல்லது நெஃப்ட் வழியாக ஓசூர்க் கணக்குக்கு ரூபாய் கிளம்புகிறது.

பணம் வந்து மோதுவது டாலர் கணக்கின் எண்ணில். உள்நாட்டு ரூபாய்ப் பரிமாற்றத்தில் வந்த பணத்தை அந்நியச் செலாவணிக் கணக்கில் வரவு வைக்க முடியாது. வங்கியின் கணினி அதைத் தள்ளிவிடும். நெஃப்ட்டில் வரவு வைக்க இயலாத பணத்தை, அந்தத் தொகுதி தீர்வாகி 2 மணி நேரத்துக்குள் திருப்பியாக வேண்டும் என்பது விதி. ஆக, ஓசூரில் யாரும் பார்ப்பதற்கு முன்பே பணம் மும்பைக்குத் திரும்பிவிட்டிருக்கும். கிளையில் கேட்டால் “அப்படி எதுவும் வரவில்லையே சார்” என்பார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். மும்பை வங்கி ஜெர்மன் வங்கிக்குத் திருப்பும் செய்தியில் ஒரு காரணக் குறியீடு இருக்கும். AC01 என்றால் கணக்கு எண் தவறு, AC04 என்றால் கணக்கு மூடப்பட்டது, AM03 என்றால் இந்த நாணயம் ஏற்கப்படாது. நம் கதையில் வரவேண்டியது AM03. ஆனால் இடையில் உள்நாட்டுப் பரிமாற்றம் ஒன்று புகுந்திருப்பதால், அங்கே “கணக்கு எண் செல்லாது” என்று பதிவாகி, வெளியே AC01 என்றே போய்ச் சேர்வதற்கும் வாய்ப்புண்டு. வாடிக்கையாளர் அதைப் பார்த்துக் கணக்கு எண்ணைச் சரிபார்க்கச் சொல்வார். எண் சரியாகத்தான் இருக்கும். இரண்டாவது தடவையும் அதேபோல் அனுப்புவார்.

திரும்பிய பணத்துக்கு என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம். ஜெர்மன் வங்கி நடுவிலையிலிருந்து இருபுறமும் ஒரு சதவீத இடைவெளியில் விலை வைத்திருந்தது என்று கொள்வோம். போகும்போது யூரோவுக்கு 106.92 ரூபாய் வீதம் 42,76,800 ரூபாயாக மாற்றியிருக்கும். திரும்பி வந்ததும் 109.08 வீதம் யூரோவாக்கும். வாடிக்கையாளர் கணக்கில் விழுவது சுமார் 39,208. எந்தச் சரக்கும் கைமாறாமல் 792 யூரோ கரைந்துவிட்டது. இடைவங்கிகளின் கட்டணம் இதற்கு மேல். இந்த நஷ்டம் யாருடையது என்ற வாக்குவாதம் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே தொடங்கும். ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.

டாலர் கணக்கின் எண்ணுக்குப் பதிலாக நடப்புக் கணக்கின் எண் இருந்திருந்தால் இந்த ரூபாய் சுமுகமாக வரவாகியிருக்கும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அப்போது சிக்கல் பணத்தை விட்டுக் காகிதத்துக்கு நகர்கிறது. சரக்கு போனபோது சுங்கத்தில் பதிவான ஷிப்பிங் பில், ரிசர்வ் வங்கியின் ஈ.டி.பி.எம்.எஸ். கணினியில் திறந்த கணக்காக நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து பணம் வந்தது என்ற பதிவை ஓசூரின் வங்கி அதில் ஏற்றினால்தான் அது மூடும். ஓசூர் வங்கிக்கு வந்ததோ மும்பை வங்கியிலிருந்து கிளம்பிய உள்நாட்டு ரூபாய். வெளிநாட்டுப் பணத்தை முதலில் வாங்கியது மும்பை வங்கி. சான்று தரவேண்டியதும் அதுவே. 2016 முதல் இந்த எஃப்.ஐ.ஆர்.சி. சான்றை மின்வடிவில் அதே கணினி வழியாக அனுப்பும் முறை இருக்கிறது. ஆனால் அந்த மும்பை வங்கிக்கு நீங்கள் வாடிக்கையாளர் அல்ல. உங்கள் பெயரில் அங்கே ஒரு கோப்பும் கிடையாது. ஓசூர் வங்கி கடிதம் எழுத வேண்டும், இன்வாய்சும் ஷிப்பிங் பில்லும் இணைக்க வேண்டும், பர்பஸ் கோடு சொல்ல வேண்டும், பிறகு காத்திருக்க வேண்டும். ஷிப்பிங் பில் மூடாதவரை ஏற்றுமதிப் பணம் வரவில்லை என்றே பதிவு நிற்கும். பெற்ற டூட்டி டிராபேக்கைத் திருப்பிக் கேட்கும் அளவுக்கு அது போகக்கூடும். பணம் கணக்கில் கண்ணெதிரே இருக்கும்போதே இந்த நிலை. இந்தப் பாதையை நான் மோசமானது என்று சொன்னதற்குக் காரணம் விலை மட்டுமல்ல, இதுவும்தான்.

எல்லைப்பகுதி என்பதால் ஓசூரில் இதற்கு இன்னொரு முடிச்சும் விழுகிறது. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். நிறுவனத்தின் ஆலை தமிழ்நாட்டில் இருக்கும். வங்கிக் கணக்குகளில் ஒன்று பெங்களூரில் இருக்கும். சரக்கு பெங்களூர் விமான நிலையம் வழியாகவோ, வைட்ஃபீல்டு சரக்குப் பெட்டக நிலையம் வழியாகவோ, சென்னைத் துறைமுகம் வழியாகவோ போகும். ஒவ்வொரு சுங்க நிலையத்திலும் வங்கியின் ஏ.டி. கோடைப் பதிவு செய்திருக்க வேண்டும்; அந்தக் கோடு யாருடையதோ அந்த வங்கிக்குத்தான் ஷிப்பிங் பில்லைக் கண்காணிக்கும் பொறுப்பு போகும். பெங்களூரில் பதிவான கோடு ஒரு வங்கியுடையது, இன்வாய்சில் உள்ள கணக்கு வேறு வங்கியில் என்றால், யூரோ சரியான நாணயத்தில் சரியான கணக்குக்கு வந்தாலும் முன்சொன்ன எஃப்.ஐ.ஆர்.சி. பயணம் தொடங்கிவிடும். மாநில எல்லைக்கும் அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கும் தொடர்பில்லை. இரண்டு ஊர்களில் பிரித்து வைத்த கணக்குகளே இந்தத் தொல்லையைத் தருகின்றன.

மூன்றாவது பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இன்வாய்சில் டாலருக்கு உரிய நியூயார்க் இடைவங்கியின் பெயரே இருக்க, அனுப்புபவர் யூரோவில் அனுப்பினால், அந்த வங்கி யூரோவை டாலராக மாற்றி முன்னே தள்ளலாம், அல்லது அனுப்பியவருக்கே திருப்பலாம். மாற்றினால், விலை முற்றிலும் அவர்களுடையது. ஓசூர் வங்கிக்கு வெறும் டாலராகவே அது வந்துசேர்வதால் இங்கே யாருக்கும் சந்தேகம்கூட எழாது.

சந்தேகம் எழவேண்டிய இடம் செய்தியின் உள்ளே இருக்கிறது. வங்கி தரும் வரவுச் சீட்டோடு நின்றுவிடாமல், வாடிக்கையாளரின் வங்கி அனுப்பிய செய்தியின் நகலைக் கேட்டு வாங்கவேண்டும். பல ஆண்டுகளாக அதற்குப் பெயர் MT103. 2025 நவம்பரில் வங்கிகளுக்கிடையிலான பழைய வடிவம் ஓய்ந்து pacs.008 என்ற புதிய வடிவம் நிலைபெற்றுவிட்டது. ஆனாலும் தகவல்கள் அவையே. பழைய வடிவம் படிக்க எளிது என்பதால் அதில் காட்டுகிறேன். ஜெர்மனியிலேயே ரூபாயாக மாறிய பணத்தின் செய்தியில் மூன்று வரிகள் இப்படி இருக்கும்:

```
:32A: ... INR4276800,
:33B:EUR40000,
:36:106,92
```

32A என்பது வங்கிகளுக்கிடையே உண்மையில் கைமாறும் நாணயமும் தொகையும். முன்னால் தேதி இருக்கும். 33B என்பது அனுப்பியவர் தன் வங்கிக்குச் சொன்னது. இரண்டிலும் நாணயம் வேறுபட்டால், நாணயம் அனுப்பிய இடத்திலேயே மாறிவிட்டது. 36 எந்த விலையில் என்று சொல்கிறது. இரண்டிலும் யூரோவே இருந்து தொகை மட்டும் கொஞ்சம் குறைந்தால் அது கட்டணம், 71F என்ற வரியில் காணலாம். இரண்டிலும் 40,000 யூரோவே இருந்து உங்கள் கணக்கில் டாலர் விழுந்திருந்தால், மாற்றியது இடைவங்கியா உங்கள் வங்கியா என்பதுதான் மிச்சமுள்ள கேள்வி. உங்கள் வங்கியின் நோஸ்ட்ரோ அறிக்கையில் வந்த நாணயம் அதற்குப் பதில் சொல்லும். புதிய வடிவத்தில் இதே மூன்றும் IntrBkSttlmAmt, InstdAmt, XchgRate என்ற பெயர்களில் இருக்கும். கூடவே UETR என்ற 36 எழுத்து நீளமுள்ள அடையாள எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்பதை வங்கிகள் அதைக் கொண்டே தேடுகின்றன. இன்வாய்ஸ் எண்ணைச் சொல்லித் தேட முடியாது.

இன்வாய்சிலேயே செய்யக்கூடியவை சில. ஈ.ஈ.எஃப்.சி. கணக்கில் ஒவ்வொரு நாணயத்துக்கும் தனி எண் இருக்கும். யூரோ வருமானம் தொடர்ந்து வருகிறதென்றால் யூரோவுக்கென ஒன்று திறந்துகொள்வது, டாலர் கணக்கில் யூரோவை வாங்குவதைவிட மலிவு. கணக்கு எண்ணுக்குப் பக்கத்தில் அதன் நாணயத்தையும், அந்த நாணயத்துக்கு உரிய இடைவங்கியின் பெயரையும் ஸ்விஃப்ட் கோடையும் எழுதவேண்டும். அதன் கீழே, “யூரோவிலேயே அனுப்பவும், இந்திய ரூபாயாக மாற்ற வேண்டாம்” என்று வாங்குபவருக்குப் புரியும் மொழியில் ஒரு வரி. பணம் திரும்பினால் ஏற்படும் மாற்று நஷ்டம் யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் இன்னொரு வரியில் சொல்லிவிடலாம். வங்கிக்கும் நிலையான எழுத்துபூர்வ உத்தரவு ஒன்று கொடுத்துவைக்க வேண்டும்: கணக்கின் நாணயத்தோடு பொருந்தாத பணம் வந்தால் எங்களைக் கேட்காமல் மாற்றவோ திருப்பவோ வேண்டாம் என்று. ஒருவழிக் கதவு என்று முன்னே சொன்னது இதற்காகத்தான். இவற்றில் ஒன்றை மட்டுமே செய்ய நேரம் இருக்குமானால், நான் இந்தக் கடைசி உத்தரவைத்தான் தேர்ந்தெடுப்பேன். வாங்குபவரின் அலுவலகத்தில் என்ன நடக்கும் என்பது நம் கையில் இல்லை. நம் வங்கியிடம் சொல்வது நம் கையில் இருக்கிறது.

நோஸ்ட்ரோவில் பணம் சேர்ந்தபின் தாமதமானால் அதற்கும் நெறி உண்டு. அந்நியச் செலாவணி வணிகம் செய்யும் வங்கிகளின் அமைப்பான ஃபெடாயின் விதிப்படி, வரவுத் தகவல் கிடைத்த 2 வேலை நாட்களுக்குள் வங்கி வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். வாடிக்கையாளரின் உத்தரவும் ஆவணங்களும் முழுமையாகக் கிடைத்தபின் மேலும் 2 வேலை நாட்களுக்குள் வரவு வைக்க வேண்டும். தவறினால் தாமதமான நாட்களுக்குச் சேமிப்புக் கணக்கு வட்டியோடு 2 சதவீதம் கூட்டி வட்டி. நாணய விலை பாதகமாக நகர்ந்திருந்தால் அந்த வங்கியின் இழப்பீட்டுக் கொள்கைப்படி அதற்கும் ஈடு. இதைக் கேட்கும் கடிதத்தில் எழுதவேண்டியவை மூன்று தேதிகள்: நோஸ்ட்ரோவில் பணம் சேர்ந்த நாள், வங்கி உங்களுக்குத் தெரிவித்த நாள், உங்கள் உத்தரவு வங்கிக்குக் கிடைத்த நாள். முதல் தேதியை வங்கியிடமிருந்து எழுத்தில் வாங்குவதுதான் கடினம். வாடிக்கையாளரின் வங்கி UETR-ஐக் கொண்டு தேடித் தரும் நிலை அறிக்கையில், உங்கள் வங்கி எப்போது பணத்தைப் பெற்றது என்பது பெரும்பாலும் நேரத்தோடு பதிவாகியிருக்கும். ஜெர்மனியிலிருந்து அந்த அறிக்கையின் நகலை வரவழைத்துக் கடிதத்தோடு இணைத்துவிட்டால், ஓசூர்க் கிளை அதை மையப் பிரிவுக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை.